பழைய டோப்போஷீட்டும் ஜிபிஎஸ்ஸும் ஏன் ஒத்துப்போவதில்லை: டேட்டம் மாற்றத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போஷீட் 66 சி/4-இன் தென்கிழக்கு மூலை, 13°00′ வட அட்சரேகையும் 80°15′ கிழக்குத் தீர்க்கரேகையும் சந்திக்கும் இடம். அது சென்னை அடையாறு வட்டாரத்தில் விழுகிறது. அந்த எண்களை அப்படியே கைபேசியில் தட்டிவிட்டு நடந்தால், வரைபடம் சொல்லும் இடத்துக்குப் போய்ச்சேர மாட்டீர்கள். தென்கிழக்கே ஏறத்தாழ 228 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். கைபேசியில் கோளாறு இல்லை. வரைபடத்திலும் பிழை இல்லை. இரண்டும் வெவ்வேறு டேட்டத்தில் பேசுகின்றன, அவ்வளவுதான்.

எந்த இரண்டு டேட்டங்கள் என்பதைப் பொறுத்து இந்த விலகல் மாறும். வட அமெரிக்காவின் என்.ஏ.டி.83-க்கும் ஜிபிஎஸ் இன்று பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84-க்கும் இடையே 1 முதல் 2 மீட்டர்தான். இந்தியாவின் பழைய டேட்டத்தில் அது நூற்றுக்கணக்கான மீட்டர். சரியாக மாற்றிய பிறகும் சில மீட்டர் மிச்சம் நிற்கும். பெரிய விலகலைக் கண்டுபிடிப்பது எளிது. ஆளை ஏமாற்றுவது இந்தச் சின்ன மிச்சம்தான்.

விலகல் எங்கிருந்து வருகிறது

பூமியின் மேல் அட்சரேகை, தீர்க்கரேகை எழுத முதலில் ஒரு கணித வடிவம் வேண்டும். துருவங்களில் சற்றே தட்டையான கோளம் அது, எலிப்சாய்டு என்பார்கள். அதன் அளவு என்ன, அதை பூமியின் மேல் எங்கே, எந்தத் திசையில் பொருத்துவது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வதே டேட்டம்.

வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையின் வழியில், 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்ட எலிப்சாய்டுதான் இந்தியாவுக்கு நிலைத்தது. அதன் நிலநடுக்கோட்டு ஆரம் சுமார் 6377.3 கி.மீ. டபிள்யூஜிஎஸ்84-இன் ஆரம் 6378.137 கி.மீ. எவரெஸ்ட் கோளம் 838 மீட்டர் சிறியது. அதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. உலகம் முழுவதற்கும் பொருந்த வேண்டும் என்று யாரும் அன்று கேட்கவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் மேல் நன்றாகப் படிந்தால் போதும் என்பதே தேவை.

அளவைவிடப் பெரிய காரணம், கோளத்தைப் பொருத்திய விதம். மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரில் ஒரு தொடக்கப் புள்ளியை வைத்து, அங்கே நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் குறித்தார்கள். நட்சத்திர அளவீட்டுக்குத் 'செங்குத்து எது' என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது தூக்குக்குண்டு. தூக்குக்குண்டோ பூமியின் மையத்தை நோக்கித் தொங்குவதில்லை. பக்கத்திலுள்ள மலையும், அடியிலுள்ள பாறையின் அடர்த்தி வேறுபாடும் அதைச் சற்றே இழுக்கும். ஒரு வினாடிக் கோணம் இழுத்தாலே தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். கல்யாண்பூருக்கும் இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள கலியானாவுக்கும் இடையிலான அட்சரேகை வேறுபாட்டை நட்சத்திரம் வழியாகவும் முக்கோண அளவை வழியாகவும் கணக்கிட்டபோது, இரண்டு விடைகளும் 5.236 வினாடி ஒத்துப்போகவில்லை. தரையில் அது 160 மீட்டர். 1855-இல் ஜான் பிராட் இமயத்தின் ஈர்ப்பைக் கணக்கிட்டுப் பார்த்தார். கணக்குப்படி 15 வினாடிக்கு மேல் விலகியிருக்க வேண்டும். மலைகளுக்கு அடியில் நிறை குறைவாக இருக்க வேண்டும் என்ற சிந்தனை அங்கிருந்துதான் வளர்ந்தது.

இப்படி ஒரு நாட்டுக்குள் பொருத்திய கோளத்தின் மையம் பூமியின் நிறைமையத்தோடு சேராது. டபிள்யூஜிஎஸ்84-இன் மையம் நிறைமையத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் அதைத்தான் சுற்றுகின்றன, வேறு வழியே இல்லை. எவரெஸ்ட் கோளத்தின் மையம் அதிலிருந்து 830 மீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. மூன்று அச்சுகளில் பிரித்தால் 295, 736, 257 மீட்டர். மாற்றத்துக்கு வேண்டிய எண்கள் இவைதான்.

முதல் படி: எந்த டேட்டம் என்று உறுதிசெய்வது

வரைபடத்தின் ஓரக்குறிப்பைப் படியுங்கள். 66 சி/4 போல எண்ணும் எழுத்தும் கொண்ட பழைய தாள்கள் பெரும்பாலும் எவரெஸ்ட் கோளமும் பாலிகோனிக் வீழ்ப்பும் கொண்டவை; வளைந்த பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் முறையே வீழ்ப்பு. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுப்பயன்பாட்டுத் தாள்கள் டபிள்யூஜிஎஸ்84-இல், யுடிஎம் வீழ்ப்பில் உள்ளவை. அவற்றின் எண் வேறு மாதிரி: சென்னைப் பகுதி என்றால் டி44 என்று தொடங்கும். புதிய தாளுக்கு மாற்றம் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

எவரெஸ்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. இலங்கையின் பழைய டேட்டமும் எவரெஸ்ட் கோளத்தில்தான் அமைந்தது; அதன் தொடக்கப் புள்ளி நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கந்தவல. ஆனால் அதற்கான மாற்ற எண்கள் −97, 787, 86. ராமேஸ்வரம் அருகே ஒரே புள்ளியை இந்திய டேட்டத்திலிருந்து டபிள்யூஜிஎஸ்84-க்குக் கொண்டுவந்தால் அது 150 மீட்டர் மேற்கே நகர்கிறது. கந்தவல டேட்டத்திலிருந்து கொண்டுவந்தால் 240 மீட்டர் கிழக்கே நகர்கிறது. பாக் நீரிணையின் இரு கரைகளின் பழைய வரைபடங்களை அப்படியே ஒட்டினால் கிழக்கு மேற்காக 400 மீட்டர் வரை இடிக்கும். கோளம் ஒன்று, பொருத்திய இடம் வேறு.

இன்னொன்று. தமிழ்நாட்டின் எஃப்எம்பி புலப்படங்களுக்கு இந்தக் கதையே பொருந்தாது. அவை ஜி-லைன் என்ற அளவுக்கோடும் அதிலிருந்து எடுத்த குறுக்களவுகளும் கொண்டவை. அவற்றில் அட்சரேகையும் இல்லை, டேட்டமும் இல்லை. புலப்படம் செயற்கைக்கோள் படத்தோடு பொருந்தவில்லை என்றால் டேட்டம் மாற்றம் உதவாது. தரையில் கற்களைக் கண்டுபிடித்து அளப்பது ஒன்றே வழி.

இரண்டாம் படி: கையால் ஒருமுறை கணக்கிடுவது

மென்பொருள் இருக்கும்போது கையால் எதற்கு என்று கேட்கலாம். எவ்வளவு, எந்தத் திசையில் நகர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் மென்பொருள் தந்த விடையை நம்பலாமா என்று சொல்ல முடியும். மொலடென்ஸ்கியின் சுருக்கச் சூத்திரம் போதும். φ அட்சரேகை, λ தீர்க்கரேகை, a எவரெஸ்ட் கோளத்தின் ஆரம். dN வடக்கு நோக்கிய நகர்வு, dE கிழக்கு நோக்கிய நகர்வு, இரண்டும் மீட்டரில்:

```
dN = -dX·sinφ·cosλ - dY·sinφ·sinλ + dZ·cosφ + (a·df + f·da)·sin2φ
dE = -dX·sinλ + dY·cosλ
```

dX, dY, dZ முறையே 295, 736, 257. இரண்டு கோளங்களின் ஆர வேறுபாடு da = 838 மீட்டர்; தட்டைமை வேறுபாடு df = 0.00002836. எவரெஸ்டின் தட்டைமை f = 1/300.8017. அடைப்புக்குள் உள்ள பகுதி ஏறத்தாழ 183.7 மீட்டர், தமிழ்நாடு முழுவதற்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

நம் அடையாறு மூலைக்கு φ = 13°, λ = 80.25°. வடக்கு நகர்வின் உறுப்புகள் வரிசையாக −11.2, −163.2, +250.4, +80.5. கூட்டினால் வடக்கே 156.5 மீட்டர். கிழக்கு நகர்வில் −290.7, +124.6, கூட்டினால் −166.1, அதாவது மேற்கே 166 மீட்டர். சேர்த்துப் பார்த்தால் வடமேற்கே 228 மீட்டர்.

இந்த அட்சரேகையில் ஒரு வினாடி வடக்கு தெற்காக 30.73 மீட்டர், கிழக்கு மேற்காக 30.13 மீட்டர். வகுத்தால் டபிள்யூஜிஎஸ்84-இல் அதே மூலை 13°00′05.09″ வடக்கு, 80°14′54.49″ கிழக்கு.

இந்த 228-ஐ மனப்பாடம் செய்து மாநிலம் முழுக்கப் போட்டுவிடலாமா? கூடாது. கன்னியாகுமரியில் இதே கணக்கு வடக்கே 196 மீட்டர், மேற்கே 129 மீட்டர் என்று வருகிறது. மொத்த நீளம் கிட்டத்தட்ட அதேதான், திசைதான் திரும்பிவிட்டது. சென்னையின் நகர்வைக் கன்னியாகுமரியில் போட்டால் 50 மீட்டருக்கு மேல் பிழை. ஒரு தாளுக்குள் ஒரே நகர்வு சரி. மாவட்டம் தாண்டினால் மறுபடி கணக்கிட வேண்டும்.

மூன்றாம் படி: மென்பொருளில் மாற்றுவது

ஆயத்தொலைவுகளை மாற்றும் மென்பொருளான ப்ராஜ் நிறுவியிருந்தால் ஒரே வரி:

```
echo "80.25 13.0" | cs2cs -f "%.6f" +proj=longlat +a=6377299.151 +rf=300.8017255 +towgs84=295,736,257 +to +proj=longlat +datum=WGS84
```

விடையின் முதல் எண் 80.248469, இரண்டாவது 13.001413. தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பின்னால் என்பதைக் கவனியுங்கள். இதே வேலையை `EPSG:4146` என்ற குறியீட்டைக் கொடுத்துச் செய்தால், புதிய பதிப்புகள் அட்சரேகையை முதலில் எதிர்பார்க்கும். வரிசை மாறினால் விடை வேறு நாட்டில் விழும், உடனே தெரிந்துவிடும். அதனால் அவ்வளவு ஆபத்தில்லை. கைக்கணக்குக்கும் மென்பொருளுக்கும் இடையே 0.2 மீட்டர் வரை வேறுபாடு வரும். அது சுருக்கச் சூத்திரத்தின் தோராயம்.

ஸ்கேன் செய்த தாளை கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றும்போதுதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். முதலில் `Settings > Custom Projections` போய் இந்த வரியைச் சேர்த்து ஒரு பெயர் கொடுங்கள்:

```
+proj=longlat +a=6377299.151 +rf=300.8017255 +towgs84=295,736,257,0,0,0,0 +no_defs
```

பிறகு ஜியோரெஃபரன்சரில் தாளின் நான்கு மூலைகளையும், முடிந்தால் நடுவிலுள்ள 5 நிமிடக் குறுக்குக்கோடுகளையும், தாளில் அச்சாகியுள்ள எண்களோடே கொடுங்கள். இலக்கு அமைப்பாக நீங்கள் சேர்த்த எவரெஸ்ட் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழக்கத்தில் `EPSG:4326`-ஐத் தேர்ந்தால் தாள் முழுவதும் 228 மீட்டர் தென்கிழக்கே ஒட்டிக்கொள்ளும். எஞ்சிய பிழை அட்டவணை மட்டும் அழகாக ஒரு பிக்சலுக்குள் இருக்கும். காரணம், அந்த அட்டவணைக்கு டேட்டம் தெரியாது; நீங்கள் கொடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது.

ஏற்கெனவே எவரெஸ்டில் உள்ள வெக்டர் கோப்பு என்றால் இரண்டு கட்டளைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். `Set Layer CRS` எண்களைத் தொடாது; 'இவை இந்த டேட்டத்தில் உள்ளவை' என்று அறிவிக்க மட்டும் செய்யும். `Reproject Layer` எண்களையே மாற்றி புதிய கோப்பு எழுதும். முதலில் எவரெஸ்ட் என்று அறிவித்து, பிறகு டபிள்யூஜிஎஸ்84-க்கு மாற்றுவதே முறை. அறிவிப்பிலேயே டபிள்யூஜிஎஸ்84 என்று சொல்லிவிட்டால் அதன்பின் எத்தனை முறை மாற்றினாலும் ஒரு மீட்டர்கூட நகராது.

கையடக்க ஜிபிஎஸ் கருவியின் டேட்டம் பட்டியலில் இந்தியாவின் பெயரைத் தாங்கியவை ஒன்றுக்கு மேல் இருக்கும். வங்கதேசத்துக்கான எண்கள் 282, 726, 254. அதைத் தேர்ந்தால் சென்னையில் 11 மீட்டர் கிழக்கே விலகும். கைபேசி ஜிபிஎஸ்ஸின் வழக்கமான பிழைக்குச் சற்றே மேல் என்பதால், யாருக்கும் சந்தேகம் வராமல் மாதக்கணக்கில் ஓடும். கருவியை எப்போதும் டபிள்யூஜிஎஸ்84-இலேயே வைத்துவிட்டு, மாற்றத்தைக் கணினியில் செய்வது நல்லது.

நான்காம் படி: சரிபார்ப்பது

தாளில் தெளிவாகத் தெரிகிற, இன்றும் இடம் மாறாத ஐந்தாறு புள்ளிகளை எடுங்கள்: கோயில் கோபுரம், பழைய ரயில் பாலத்தின் முனை, குன்றின் உச்சியிலுள்ள முக்கோண நிலையக் கல். சாலைச் சந்திப்பு வேண்டாம், அகலப்படுத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மாற்றிய ஆயத்தொலைவுக்கும் தரையில் எடுத்த ஜிபிஎஸ் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை வடக்கு, கிழக்கு என்று தனித்தனியே எழுதுங்கள். திசைதான் பேசும்.

எல்லாப் புள்ளிகளும் தென்கிழக்கே 228 மீட்டர் தள்ளி இருந்தால் மாற்றமே நடக்கவில்லை. தென்கிழக்கே 456 என்றால் மாற்றத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். வடமேற்கே 228 என்றால் இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள், அல்லது ஏற்கெனவே டபிள்யூஜிஎஸ்84-இல் இருந்த தாளை மாற்றியிருக்கிறீர்கள்.

புள்ளிக்குப் புள்ளி திசை மாறி, 10 முதல் 25 மீட்டர் வரை சிதறினால் அது டேட்டத்தின் குற்றமில்லை. 1:50,000 அளவுத் தாளில் அரை மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். கோடு வரைந்த பேனாவின் தடிமனும் ஸ்கேனரும் காகிதச் சுருக்கமும் சேர்ந்த பிழை அது. ஜிபிஎஸ் அளவை இன்னும் அரைமணி நேரம் சராசரி எடுத்தாலும் குறையாது.

எல்லாம் ஒரே திசையில் 5 முதல் 15 மீட்டர் விலகினால், அதுதான் முதலில் சொன்ன மிச்சம். 295, 736, 257 என்ற எண்கள் இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் சேர்த்து ஏழே நிலையங்களை வைத்துக் கணக்கிட்டவை. அவற்றின் நிச்சயமின்மை முறையே 12, 10, 15 மீட்டர் என்று அமெரிக்கப் பாதுகாப்பு வரைபட நிறுவனமே குறித்திருக்கிறது. பழைய முக்கோண வலைக்குள்ளேயே தூரம் கூடக்கூடச் சேர்ந்த திரிபுகள் உண்டு. மூன்று எண்களால் அந்த நெளிவைப் பிடிக்க முடியாது. உங்கள் ஐந்தாறு புள்ளிகளின் சராசரி விலகலைக் கழித்துவிட்டால் அந்தத் தாளுக்கு மட்டும் சரியாகிவிடும். அடுத்த தாளுக்கு அதை எடுத்துச் செல்லாதீர்கள்.

அடியும் மீட்டரும்

எவரெஸ்ட் கோளத்துக்கு 6377276.345, 6377299.151, 6377301.243 என்று மூன்று ஆரங்களைப் பார்க்கலாம். கோளம் ஒன்றேதான். எவரெஸ்ட் எழுதியது 2,09,22,931.80 இந்திய அடி. ஒரு அடிக்கு எத்தனை மீட்டர் என்பதில்தான் வேறுபாடு: 0.30479841, 0.3047995, 0.3047996 என்று காலத்துக்குக் காலம் வெவ்வேறு மதிப்பை ஏற்றார்கள்.

அட்சரேகை தீர்க்கரேகையில் மட்டும் வேலை செய்தால் எந்த ஆரத்தைப் போட்டாலும் இடம் சில சென்டிமீட்டருக்கு மேல் மாறாது. வேறுபாடு உயரத்தில்தான் விழும். ஆனால் எவரெஸ்ட் கோளத்தின் மேல் யுடிஎம் மீட்டரில் கொடுத்த தரவு என்றால் கதை வேறு. சென்னையின் வடக்கு ஆயம் நிலநடுக்கோட்டிலிருந்து 1437 கி.மீ. முதல் இரண்டு ஆரங்களுக்கு இடையிலான வேறுபாடு கி.மீ.க்கு 3.6 மில்லிமீட்டர். பெருக்கினால் 5 மீட்டர். அட்சரேகை கூடக்கூட இதுவும் கூடும். உங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் வடக்கு விலகல் மட்டும் சில மீட்டர் இருந்து, கிழக்கு விலகல் சுத்தமாக இருந்தால் முதலில் இந்த ஆரத்தைப் பாருங்கள்.

உயரமும் காலமும்

உயரத்துக்கு இந்த மூன்று எண்களை நம்பவே வேண்டாம். டோப்போஷீட்டில் அச்சான உயரம் கடல் மட்டத்திலிருந்து. ஜிபிஎஸ் உள்ளுக்குள் அளப்பது எலிப்சாய்டிலிருந்து. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடல் மட்டம் எலிப்சாய்டுக்கு வெகு கீழே இருப்பதால், மெரினாவில் நின்றால் எலிப்சாய்டு உயரம் எதிர்மறையாக, பல பத்து மீட்டர் வரும். அதற்குக் கடல் மட்டத்துக்கும் எலிப்சாய்டுக்கும் உள்ள இடைவெளியைத் தரும் ஜியாய்டு மாதிரி தனியாக வேண்டும்.

ஆர்டிகே என்ற துல்லிய ஜிபிஎஸ் கருவியில் சென்டிமீட்டர் அளவில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு நகர்வும் உண்டு. உலகளாவிய டேட்டம் நிறைமையத்தோடு நிற்க, இந்தியத் தட்டு வடகிழக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஊர்கிறது. 2005-இல் அளந்த கல்லை இருபது ஆண்டு கழித்து அதே உலக டேட்டத்தில் அளந்தால் ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். கல்லை யாரும் நகர்த்தவில்லை. அதனால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் ஆயத்தொலைவோடு அளந்த ஆண்டையும் எழுதி வையுங்கள். பழைய புள்ளியைப் பயன்படுத்தும்போது எந்த ஆண்டுக்குரிய எண் என்று முதலில் கேளுங்கள்.